மூன்று நிமிடம் நின்று கேட்டிருக்கலாம்

போன வருடம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டையில் பஞ்சுத் தூசி.

"ஏனுங் சார், என்னைத் தெரியுதுங்களா?"

தெரியவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு இது தினமும் நடக்கிற சங்கடம். "முகம் ஞாபகம் இருக்கு, பேருதான்..." என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க எலை ஒட்டற போட்டி வச்சீங்களே, அதுல எனக்குக் கடைசி மார்க்கு போட்டீங்க" என்றார்.

அது 1994. காய்ந்த இலை, விதை, குச்சி இவற்றைச் சார்ட்டில் ஒட்டிப் படம் செய்யும் போட்டி. நடுவர் நான்தான். மயில், குடிசை, தேசியக் கொடி என்று வரிசையாக மாட்டியிருந்தார்கள். இவர் ஒட்டியிருந்தது வெறும் வேப்பீர்க்கு. நெருக்கமாக, நேர் நேராக, முப்பது நாற்பது ஈர்க்கு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒன்று இல்லை. மூலையில் ஒரு புளியங்கொட்டை. நான் பார்த்துவிட்டு "முடிக்கவில்லை" என்று சிவப்பு மையில் எழுதினேன். எழுதியதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

"அது முடிக்காம இல்லீங் சார். அது பாவு. ஒரு இழை அறுந்துருச்சு. அதான் அந்த எடம் காலி. புளியங்கொட்டை நாடாங்க."

பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விசைத்தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே நாடா கொண்டுபோவது ஊடை. எங்கள் ஊர்ச் சாதாரணத் தறிகளில் ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நிற்காது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் நீளமாக ஒரு கோடு விழும். ஆள் கவனித்து நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். அசந்துவிட்டால் அத்தனை முழமும் பழுது, கூலியில் பிடிப்பார்கள். அந்தப் பையன் இரவில் அப்பாவுக்குத் துணையாகத் தறி பார்த்தவன். அவனுக்குத் தெரிந்த மிகப் பெரிய விஷயத்தை ஒட்டி வைத்திருக்கிறான். நான் அதன் முன்னால் பத்து விநாடி நின்றிருப்பேன்.

"சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"நீங்க கேக்கலீங்களே."

டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கடனுக்காகத்தான்.

இப்போது பல பள்ளிகளில் இயற்கை ஓவியம் என்ற பெயரில் இலை, விதை, கல் வைத்துக் குழந்தைகளைச் செய்யச் சொல்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அதிகமும் நடப்பது நான் 1994-ல் செய்ததுதான். செய்யச் சொல்கிறோம், போட்டோ எடுக்கிறோம், முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுக்கிறோம், கூட்டித் தள்ளிவிடுகிறோம். என் கருத்து இதுதான்: செய்வது பாதி வேலை. எல்லோரும் சேர்ந்து ஒவ்வொன்றாக நின்று பார்த்து, செய்தவர்கள் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே நடந்து வருகிற அந்த நடைதான் மீதிப் பாதி. அது இல்லாவிட்டால் முதல் பாதிக்கு அர்த்தம் குறைவு.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஜோசப் கார்னெல் என்பவர் 1979-ல் குழந்தைகளோடு இயற்கையைப் பகிர்ந்துகொள்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிற்பாடு அவர் தன் முறையை நான்கு படிகளாகச் சொன்னார். முதலில் ஆர்வத்தை எழுப்பு, பிறகு கவனத்தைக் குவி, பிறகு நேரடியாக அனுபவிக்க விடு, கடைசியில் பகிர்ந்துகொள்ளச் செய். நம் பள்ளிகளில் மூன்றாவது படியோடு மணி அடித்துவிடுகிறது.

சென்ற பிப்ரவரியில் இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியின் இளம் ஆசிரியை, "சார், நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் சேர்த்து 32 பிள்ளைகள். டீக்கடை விஷயம் நெஞ்சில் இருந்ததால் உடனே ஒத்துக்கொண்டேன். நடந்ததை, தப்பு செய்ததையும் சேர்த்து, அப்படியே எழுதுகிறேன்.

மாதம் முக்கியம். எங்கள் பக்கம் பிப்ரவரி, மார்ச்தான் இலையுதிர் காலம். வாதாமர இலை ஒரே மரத்தில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு என்று எல்லா நிறத்திலும் நின்று விழும். வேம்பு மஞ்சளாகக் கொட்டும். புங்கன் காய் காய்ந்து விழத் தொடங்கியிருக்கும். வாசலோரத்துச் செம்மயிற்கொன்றையில் கத்தி மாதிரியான கரிய காய்கள் தொங்கும், காற்றடித்தால் ஒன்றிரண்டு விழும். இதையே நவம்பரில் வைத்தால் ஈர இலையும் சேறும்தான் கிடைக்கும்.

முந்தின நாள் மாலை நானும் ஆசிரியையும் மைதானத்தைச் சுற்றி வந்தோம். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. சுற்றுச்சுவர் ஓரம் பார்த்தீனியம் வளர்ந்திருந்தது. தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், தடிக்கும். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கோடு போட்டோம். வேலியில் குன்றிமணிக் கொடி இருக்கிறதா என்று தேடினோம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகு விதையைத்தான் பிள்ளைகள் முதலில் எடுப்பார்கள். உடைத்தோ மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தான விஷம் அது. அரளியும் ஆமணக்கும் அப்படித்தான். இந்த மூன்றும் இருக்கிற மைதானம் என்றால், கிளையைக் காட்டி, பெயரைச் சொல்லி, "இது வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொதுவாக "விஷச் செடியைத் தொடாதே" என்று சொல்வதில் பயனில்லை. எது விஷம் என்று தெரிந்தால்தானே தொடாமல் இருப்பார்கள்.

கல் விஷயத்தில் இன்னொன்று. நம் பக்கத்து வெங்கச்சங்கல் வெள்ளை வெளேரென்று இருப்பதால் எல்லோருக்கும் அது வேண்டும். பெரிய கல்லுக்கு அடியில் தேள் இருக்கும். மேலே கிடக்கிற கல்லை மட்டும் எடுக்கலாம், புதைந்ததைப் பெயர்க்கக் கூடாது என்று சொன்னோம். புரட்டியே ஆக வேண்டும் என்றால், பெரியவர் ஒருவர் குச்சியால், கல்லின் தூரத்து விளிம்பைத் தன் பக்கம் சாய்த்துத் தூக்க வேண்டும். அப்போது உள்ளே இருப்பது எதிர்ப்பக்கம் ஓடும், நம் காலை நோக்கி வராது.

காலை எட்டரைக்கு ஆரம்பித்தோம். பத்து மணிக்கு மேல் காற்றும் வெயிலும் வந்துவிடும். எட்டு இடங்களில் வாசல் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்தோம். கோலம் போடுகிறவர்களுக்குத் தெரியும், தெளித்த தரையில் தூசி அடங்கும், மண் கருத்துப் போய் மேலே வைக்கிற நிறம் எடுப்பாகத் தெரியும். இலையும் சீக்கிரம் பறக்காது. ஒவ்வோர் இடத்திலும் குச்சியால் இரண்டு அடிச் சதுரம் கீறினோம். சதுரம் இல்லாவிட்டால் பிள்ளைகள் பரப்பிக்கொண்டே போவார்கள், பிறகு நடந்து வரும்போது எது யாருடையது என்றே தெரியாது.

நான்கு பேருக்கு ஒரு குழு. ஐந்து பேர் ஆனால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், இது அனுபவம். குழுவுக்கு ஒரு கொட்டாங்குச்சி. அது கொள்கிற அளவுக்குத்தான் விதையும் கல்லும். இலையைக் கையில் அடுக்கிக்கொள்ளலாம். பறிக்கக் கூடாது, கீழே விழுந்தது மட்டும். பத்து நிமிடம் பேசாமல் பொறுக்க வேண்டும்.

அடுத்த பத்து நிமிடம் பிரித்து அடுக்குவது. எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். பொறுக்கியதை உடனே படமாக்கச் சொன்னால் எல்லாக் குழுவும் மயிலும் பூவும்தான் செய்யும். முதலில் "சேர்ந்தது சேர்ந்ததாக வையுங்கள்" என்று மட்டும் சொன்னால், எதைச் சேர்ந்தது என்பது என்று அவர்களுக்குள்ளே வாக்குவாதம் வரும். நிறமா, அளவா, மரமா, பூச்சி கடித்ததா கடிக்காததா? ஒரு குழு இலையை உடையும் சத்தத்தை வைத்துப் பிரித்தது. அந்த வாக்குவாதத்திலிருந்துதான் படம் வரும். அதற்கப்புறம் அரை மணி நேரம் செய்ய விட்டோம். கோந்து கிடையாது, சார்ட் கிடையாது. சார்ட்டில் ஒட்டினால் இரண்டு மூன்று நாளில் இலை சுருண்டு கிளம்பிவிடும். தரையில் இருந்தால் நகர்த்தலாம், மாற்றலாம், தப்பு என்ற பேச்சே இல்லை.

இனி நடை. எட்டுச் சதுரம், சதுரத்துக்கு மூன்று நிமிடம். வரிசையாக இல்லை, சுற்றி நிற்க வேண்டும். முதல் அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு பார்க்கிறவர்களில் இரண்டு பேர் கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். "சூப்பர்", "நல்லா இருக்கு" இரண்டுக்கும் தடை. ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு குழுவுக்கு நாம் "அருமை" என்று சொல்லிவிட்டால் அடுத்த ஏழு குழுவும் நம் வாயைத்தான் பார்க்கும். பிறகு செய்தவர்கள் பேசுவார்கள். பேச விருப்பமில்லாதவர் "பாருங்க" என்று சொன்னால் போதும். கடைசியாக ஒரே ஒரு கேள்வி. "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்குள் "எனக்குப் புரியவில்லை, நீ சரியாகச் செய்யவில்லை" என்பது ஒளிந்திருக்கிறது. "இந்த இடத்தைப் பத்திச் சொல்லு" என்று விரலால் காட்டிக் கேட்க வேண்டும்.

முதல் சதுரத்தில் வாதா இலைகளைப் பச்சையிலிருந்து சிவப்பு வரை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு பெண் பச்சை இலையைக் காட்டி, "இதைப் பத்திச் சொல்லு" என்றாள். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கடைசியில் ஒருவன், "அது விழப் போறதுதான்" என்றான். மைதானமே சிரித்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவனே குனிந்து அந்த இலையை எடுத்துவிட்டான். வட்டத்தில் ஓர் இடம் காலியானது. எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. அதைக் காலியாகவே விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது சதுரம் காவிரி. வெங்கச்சங்கல் தண்ணீர், இரண்டு கொன்றைக் காய் பாலம். "எந்தப் பாலம்?" என்று கேள்வி வந்தது. "ஈரோடு பாலம்." "ரயில் பாலம் எங்க?" "காய் கிடைக்கல." நியாயமான பதில். காய் கிடைத்த அளவுக்குத்தான் ஊர்.

ஐந்தாவதில் நின்ற பையனின் குடும்பம் ஒடிசாவிலிருந்து தறி வேலைக்கு வந்தது. வகுப்பில் வாய் திறக்க மாட்டான் என்று ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். அவன் பங்கு, புங்கங்காய்களை ஜோடி ஜோடியாக வைத்த ஒரு வரிசை. "இதைப் பத்திச் சொல்லு" என்றதும் காயைத் தொட்டு "கரஞ்சா" என்றான். யாருக்கும் புரியவில்லை. கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்துப் பல் தேய்ப்பது போலக் காட்டினான். "ஏய், வேப்பங்குச்சி மாதிரிடா!" என்று ஒருவன் கத்தினான். "எங்க ஊர்ல இது" என்று தமிழில் இரண்டு மூன்று வார்த்தை சொன்னான். 31 பிள்ளைகள் "கரஞ்சா, கரஞ்சா" என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்த மூன்று நிமிடம் அவன் சொல்லிக் கொடுக்கிறவனாகவும் மற்றவர்கள் கற்கிறவர்களாகவும் இருந்தார்கள். இதற்கு முன் அவனுக்கு அது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காய் வரிசையை மட்டும் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

இப்போது என் தப்பு. எட்டாவது சதுரத்துக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டார்கள், இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாவது குழுப் பெண்கள் நூறு வேப்பிலையாவது பொறுமையாக நுனி மாறாமல் அடுக்கியிருந்தார்கள். அவர்கள் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் மணி அடித்தது. கூட்டம் கலைந்தது. அதில் ஒரு பெண் இலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளிடம் போய்த் தனியாகக் கேட்டேன், சொன்னாள். ஆனால் வாத்தியார் கேட்பதும் கூட்டாளிகள் கேட்பதும் ஒன்றாகுமா?

ஆறு சதுரம் வரைதான் இந்த வயதுப் பிள்ளைகளின் காது தாங்கும். எட்டுக் குழு என்றால் நடையை இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும், நான்கு சதுரத்துக்கு ஓர் ஆசிரியர். அறுபது பிள்ளைகள் இருந்து ஆசிரியர் ஒருவர்தான் என்றால் வேறு வழி இருக்கிறது. குழுவில் இரண்டு பேர் வீட்டுக்காரர் மாதிரி தங்கள் சதுரத்தில் நிற்க, மற்ற இரண்டு பேர் விருந்தாளியாகச் சுற்றி வரலாம். பாதி நேரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற மறந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் எதையும் பார்க்காமலே வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பெண்களின் சதுரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று ஆசிரியை சொன்னார். ஆனால் மாலைக்குள் காற்று பாதியைக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் அவர்கள் மீதிப் பாதியைக் காட்டிப் பேசினார்கள், எல்லோரும் கேட்டார்கள். கடன் கொஞ்சம் அடைந்தது.

"இதில் பரீட்சைக்கு என்ன வருகிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நேரடியாக ஒன்றும் வராது என்றுதான் சொன்னேன். ஆனால் கண்ணில் படுவதையும் தான் நினைப்பதையும் பிரித்துச் சொல்வது, ஒன்றைச் சுட்டிக் கேட்பது, அடுத்தவர் முடிக்கும் வரை காத்திருப்பது, இதெல்லாம் அறிவியல் வகுப்பில் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்க முயன்று பாதியும் வராதவை. அன்று ஒரு காலையில் கொஞ்சம் வந்தது.

"பரிசாவது கொடுக்கலாமே" என்றார் இன்னொருவர். கூடாது என்பது என் பிடிவாதம். பரிசு இருந்தால் நடப்பவர்கள் பார்வையாளர்களாக இருக்க மாட்டார்கள், போட்டியாளர்களாக நிற்பார்கள். அடுத்தவன் சதுரத்தில் குறைதான் கண்ணில் படும். நடுவராக இருந்த எனக்கே அன்று குறைதான் பட்டது.

போட்டோ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்துச் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இலையிலும் கல்லிலும் பனிக்கட்டியிலும் வெட்டவெளியில் வேலை செய்கிறவர். பலவற்றை நிற்காது என்று தெரிந்தே செய்து, போட்டோவாக மட்டும் வைத்துக்கொள்கிறார். ஆனால் பள்ளியில் போட்டோ நடைக்கு அப்புறம் வர வேண்டும். முன்னால் போனை நீட்டினால் பிள்ளைகள் சதுரத்தை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அழிந்துபோகிறதே என்ற கவலையும் வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் தினமும் காலையில் போடுகிற கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டுவிடுகிறது. மறுநாள் வேறு கோலம் போடுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகளே எல்லாவற்றையும் கூட்டி அந்தந்த மரத்தடியில் கொட்டினார்கள். கற்கள் எடுத்த இடத்துக்குப் போயின. கொட்டாங்குச்சிகளை அடுத்த வருடத்துக்கென்று ஆசிரியை எடுத்து வைத்தார்.

போன வாரம் அந்தத் தறிக்காரரை மறுபடியும் பார்த்தேன். பள்ளியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். பச்சை இலையை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாகவே விட்டதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த வயசுல எனக்கு அவ்வளவு பேரு முன்னால சொல்ல வந்திருக்குமான்னு தெரியலீங் சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீங்க ஒருத்தரு கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றார்.

இந்தத் தடவை டீக்குக் காசு நான் கொடுத்தேன்.